அம்மாவின் அறுநூற்று மூன்று ரூபாய்

என் அம்மா இன்பம் போன மாதம் இறந்தாள். வயது ஐம்பத்தாறு. அவளைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் காயத்துக்குக் கட்டும் துணிகளை வெட்டி, மடித்து, டப்பாவில் அடைத்து, கிருமி போக வேகவைப்பவள். ஊர் தேவதானம். அப்பா இறந்தபோது எனக்கு மூன்று வயது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை கேட்டு வந்தவளுக்கு வேலையும், காம்பவுண்டுக்குள் ஓர் அறையும் கிடைத்தன. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நூறு துணி மடித்தால் நூறும் ஒரே அளவு இருக்கும். நான் பின்னால் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன்.

1947 டிசம்பரோடு அவளுக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. விதிப்படி ஓய்வு. ஜனவரி கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். நான் அப்போது பாபநாசத்தில் மின்சார இலாகாவில் சூப்பர்வைசர். மாமனார் வீட்டின் மாடியில் குடியிருந்தேன். அம்மா அங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"சம்பந்தகாரி வீட்டு அடுப்புல என் சோறு வேகுமாலே? நான் எங்கியாச்சும் இருந்துக்கிடுதேன்."

"எங்கியாச்சும்னா எங்க?"

"ஆண்டவர் காட்டுவாரு."

ஆண்டவர் காட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரிக் கணக்கர் ஏசுவடியான் காட்டினார். எனக்கு ஒரு கடிதம் போட்டார். 'உங்கள் தாயார் பிராவிடண்டு பண்டு பணம் ரூ. 603 வாங்க மறுக்கிறார்கள். நேரில் வரவும்.'

வந்தேன். ஆபீஸ் மேசைக்கு எதிரே அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மை ஒற்றும் அட்டை திறந்தபடி இருந்தது.

"தம்பி, நீரே கேளும். கைநாட்டு வையும்மான்னு மூணு நாளா கெஞ்சுதேன்" என்றார் ஏசுவடியான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கோயிலுக்குப் போட்ட காணிக்கைய எவளாவது திருப்பி வாங்குவாளா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விசாரித்தபோது விளங்கியது. ஏசுவடியான் ஆஸ்பத்திரிக்கும் கணக்கர், சபைக்கும் பொருளாளர். சம்பள நாளில் இரண்டு பிடித்தமும் அதே மேசையில், அவர் கையாலேயே நடக்கும். முதலில் சபைக் காணிக்கை இரண்டணா, அடுத்து பண்டு. 1926இல் பண்டு தொடங்கியபோது டாக்டரம்மா எல்லாரையும் கூட்டி விளக்கினார்களாம். அம்மா அன்று துணி வேகும் அடுப்பை விட்டுப் போகவில்லை. இரண்டுமே ஆலயத்துக்கு என்று எண்ணிக்கொண்டாள். சம்பளம் கூடக் கூட இரண்டாவது பிடித்தமும் கூடியது. ஆண்டவர் தருவதற்கேற்பக் கேட்கிறார் என்பது அவளுக்கு நியாயமாகவே பட்டது. ஆண்டு முடிவில் ஏசுவடியான் அவள் பேரில் சேர்ந்திருக்கும் தொகையைப் படித்துச் சொல்வார். அவள் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நான் பேரேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. சம்பளத்தில் ரூபாய்க்கு ஓர் அணா அவளிடம் பிடித்தார்கள். அதே ஓர் அணாவை ஆஸ்பத்திரியும் தன் பங்காகப் போட்டது. எட்டு ரூபாய்ச் சம்பளத்தில் ஆறு வருஷம், பன்னிரண்டில் எட்டு வருஷம், இருபதில் எட்டு வருஷம். அவள் பங்கு இருநூற்று இருபத்தெட்டு ரூபாய். ஆஸ்பத்திரிப் பங்கும் அதே இருநூற்று இருபத்தெட்டு. மீதி நூற்று நாற்பத்தேழு, வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்று வட்டி. வட்டியை எடுக்காமல் சேர்த்ததால் வட்டிக்கும் வட்டி. முதல் வருஷம் மூன்றணா வந்த வட்டி, கடைசி வருஷம் பதினேழு ரூபாய்.

இதை அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப பாதி ஆஸ்பத்திரி காசா?"

"ஆமா. பத்து வருஷம் வேலை பார்த்தாத்தான் அந்தப் பங்கு ஒனக்கு. முன்னாடியே போயிருந்தா கெடையாது. நீ பண்டுல சேந்தே இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

"அவிய காசு அவியளுக்கு. எனக்கெதுக்கு? வட்டி வேற சொல்லுத. வட்டி வாங்கித் திங்கவா நான் துணி மடிச்சேன்?"

மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பு. ஏசுவடியான் சபைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அவள் பேரில் மாதம் இரண்டணா மட்டுமே இருந்தது. எழுத்துத் தெரியாதவளுக்கு அது எப்படிச் சாட்சியாகும்? "ஒம்ம புத்தகத்துல எழுதாமப் போனா ஆண்டவருக்குத் தெரியாமப் போயிருமா?" என்றாள்.

அந்த நேரத்தில்தான் வாட்ச்மேன் குருசாமி தன் பண்டை வாங்க உள்ளே வந்தார். அவருக்கும் அந்த மாதமே ஓய்வு. நெற்றி நிறைய திருநீறு.

"என்ன தங்கச்சி, ரூவாயப் பாத்ததும் பேச்சு நின்னுபோச்சா?"

"காணிக்கைய எப்படி அண்ணாச்சி திருப்பி வாங்க?"

"எந்தக் காணிக்கை?"

"மாசாமாசம் ரெண்டாவதாப் புடிச்சாவள்ளா, அது."

குருசாமி சிரித்த சிரிப்பில் வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏ தாயி! எனக்குந்தான் ரூவாய்க்கு ஒரு அணா புடிச்சாவ. நான் எந்தக் கோயிலுக்குக் குடுத்தேன்? ஒங்க மாதாகோயிலுக்குள்ள நான் கால் வச்சதே ஓடு மாத்தயில ஏணி புடிக்கத்தான்!"

அம்மா அவர் நெற்றியைப் பார்த்தாள். ஏசுவடியானைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"அப்ப நான் மாசம் ரெண்டணாதான் குடுத்தேனா?"

ஆலயத்தில் அவள் ஏன் எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வட்டி கசந்தா எங்கிட்ட தாரும். எனக்கு இனிக்கும்" என்றார் குருசாமி.

"ஒம்ம ஆசைய அடுப்புல போடும்" என்று சொல்லிவிட்டு அம்மா கட்டை விரலை மையில் அழுத்தினாள்.

திரும்பும் வழியில் நான் ஒன்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. 1938இல் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் எனக்குப் பணம் கட்ட அவள் கம்மலை விற்றாள், எழுபது ரூபாய். அப்போதே பண்டில் அவள் பங்கு மட்டும் தொண்ணூறு. அதிலிருந்து முன்பணம் வாங்கி மாதத் தவணையில் அடைத்திருக்கலாம். விதியில் இடம் இருந்தது.

"கம்மல் வித்தது நல்லதாப் போச்சு. எடுத்திருந்தா இம்புட்டு நின்னிருக்குமா?" என்றாள். அடைத்திருந்தால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. அதை நான் சொல்லவில்லை.

முதலில் பத்தில் ஒரு பங்கென்று அறுபது ரூபாயைச் சபைப் போதகர் ஐயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை. நானூறுக்கு இராஜபாளையத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு வாங்கினோம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. மீதியைத் தபால் ஆபீசில் போட்டுக்கொண்டாள். மாதம் ஐந்து ரூபாய் எடுத்தாள். அக்கம்பக்கத்துக்குக் கந்தல் தைத்துக் கொடுத்து, எடுத்ததில் பாதியைத் திரும்பக் கட்டினாள்.

அந்த வீட்டில் பதினெட்டு மாதம் இருந்தாள். நான் அனுப்பிய மணியார்டரை மூன்று தடவை திருப்பினாள். தபால்காரரிடம் ஒரு வரி எழுதச் சொல்லி அனுப்பினாள். 'காசு வேண்டாம். என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ.'

தென்காசி வழியாக நான்கு மணி நேரம். போனபோதெல்லாம் அவள் அடுப்பில் அவள் சோறு. எண்ணிப் பார்த்தேன். ஏழு தடவை போயிருக்கிறேன்.