ஏழு மணிக்கு மேல் சுத்தியல் இல்லை

கரண்டு போனால் வெல்டிங் ஓடாது; கீழே பட்டறையில் வெல்டருக்குச் சுத்தியல் வேலைதான். மாடியில் தையல்காரியின் மூன்று மாதக் குழந்தை வீறிட்டு அழும்.

தடுப்பூசி போட்ட நர்ஸம்மா சொன்னபடி, தையல்காரி பொழுது சாய்ந்ததும் குழந்தையைத் துடைத்து, பாலூட்டி, மல்லாக்கப் படுக்கவைத்து, கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கடியில் செருகினாள். ஒரு வாரம் நேரம் தவறவில்லை. கொசு ஓய்ந்தது, சுத்தியல் ஓயவில்லை. கீழே இறங்கிப் போய்க் கேட்டே விட்டாள்.

“அண்ணே, ஏழு மணிக்குப் பாப்பா தூங்குறா...”

“முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? இனி ஏழுக்கு மேல தட்டமாட்டேன்.”

மறுநாள் ஏழரைக்குக் கரண்டு போனது. தெருவில் ஹாரன்கள் அலறின. குழந்தை நெளிந்து, விரல் சப்பி, மறுபடி தூங்கியது. கீழே பட்டறைப் படியில் வெல்டர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜன்னலிலிருந்தே கும்பிட்டாள்.