ஒன்றுகூட மிச்சமில்லை என்று எழுதிய சீட்டு

நாங்கள் திண்டிவனத்துக்கு வாடகை வீடு பார்த்துக் குடிவந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தீபாவளி வந்துவிட்டது. நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பலகாரம் செய்ய நேரமில்லை என்று கடையில் ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கி வைத்ததோடு சரி.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு அக்கா. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மரக்காணம் பக்கம் கடலோரக் கிராமத்துக்காரர்கள். அவர் கணவர் விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் எடுத்துவந்து ஊருக்குள் விற்பார். அதற்காகவே சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருக்கிறார். மதியம் அந்த அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் பெட்டிகளைக் கழுவுவார். எங்களைப் பார்த்தால் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அதற்குமேல் பழக்கமில்லை.

தீபாவளி அன்று காலை ஏழு மணிக்கு அவர் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்து நின்றார். மேலே வாழையிலை மூடியிருந்தது. இலையை எடுத்தால் பத்து சோமாசும் கொஞ்சம் முறுக்கும். சோமாசு இன்னும் சூடாக இருந்தது. வாங்கிக்கொண்டேன், வாழ்த்து சொன்னேன்.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்களும் மீன் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் மீன் பெட்டி கழுவும் கை, அதே வீட்டு எண்ணெய்ச் சட்டி என்று என் மனது எங்கெங்கோ போனது. தட்டை முகர்ந்துகூடப் பார்த்தேன். ஏலக்காய் வாசம்தான் வந்தது. இருந்தும் என்னால் எடுத்துச் சாப்பிட முடியவில்லை. எட்டாவது படிக்கும் என் மகள் கை நீட்டியபோது, வயிறு கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா வந்தார். ஒலக்கூர் பக்கத்துக்காரர். ஏழு மாதக் கர்ப்பிணியான அவருடைய மகள் விழுப்புரத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாயே மகளைப் பார்க்கப் போகிறார். எங்கள் வீட்டிலிருந்து நேராகப் பேருந்து நிலையம். தீபாவளிக்காக அவருக்கு எடுத்து வைத்திருந்த புடவையோடு சேர்த்து, அந்தப் பத்து சோமாசையும் முறுக்கையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். எனக்கு ஆகாதது அவர்களுக்கு ஆகும் என்று எப்படி நினைத்தேனோ தெரியாது. மகளுக்குப் பிடிக்கும் என்று அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு தட்டைத் திருப்பித் தர வேண்டுமே. நன்றாகத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்தேன். ஓரத்தில் அவர்கள் வீட்டுப் பெயரின் முதலெழுத்துகள் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தன. தட்டை வெறுமனே தரக் கூடாது என்பதால் நான்கு துண்டு மைசூர்பாகும் இரண்டு பூவன்பழமும் வைத்தேன். நேரில் கொடுத்தால் 'எப்படி இருந்தது?' என்று கேட்பார், முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒரு சீட்டு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. பள்ளியில் பெற்றோருக்குப் போகும் கடிதமெல்லாம் நான்தான் எழுதுகிறேன். இதற்கு என்ன கஷ்டம்?

மகளின் நோட்டில் பாதித் தாளைக் கிழித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி இப்படி எழுதினேன்: "அன்புள்ள அக்காவுக்கு தீபாவளி வாழ்த்துகள். நீங்கள் கொடுத்த சோமாசும் முறுக்கும் மிக அருமை. ஒன்றுகூட மிச்சமில்லை. என் மகள் மட்டும் நான்கு சோமாசு சாப்பிட்டாள். மிக்க நன்றி. எதிர் வீட்டிலிருந்து."

பொதுவாக 'நன்றாக இருந்தது' என்று மட்டும் எழுதினால் சம்பிரதாயமாகத் தெரியும், இன்னது, இன்னார் சாப்பிட்டார் என்று எழுதினால்தான் கொடுத்தவருக்கு மனது நிறையும். அது தெரிந்தே எழுதினேன். நெய் பட்டுவிடாமல் சீட்டை மடித்து, காற்றில் பறக்காமல் பழத்தின் அடியில் செருகினேன். எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. விடிய விடியப் பலகாரம் சுட்ட களைப்பில் தூங்குகிறார்கள் போல. கேட்டுக்குள் இருந்த சிமெண்டு மேடையில் தட்டை வைத்து, காக்கை கொத்தாமல் ஒரு கிண்ணத்தால் மூடிவிட்டு வந்தேன். ஒரு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது.

பன்னிரண்டு மணி சுமாருக்கு எங்கள் கதவை யாரோ இரண்டு கையாலும் தட்டினார்கள். திறந்தால் அந்த அக்கா. தலைமுடி கலைந்து, கையில் என் சீட்டு. பின்னால் அவர் கணவர் ஒரு காலி டின்னோடு நின்றிருந்தார்.

"பாப்பா எங்கம்மா? வாந்தி கீந்தி எடுத்துச்சா?" என்று கேட்டபடியே உள்ளே வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அவர் கணவர் கரப்பான் பூச்சிக்கு வைக்கப் போரிக் பவுடரில் சர்க்கரையை அரைத்துக் கலந்து ஒரு டின்னில் போட்டு வைத்திருக்கிறார். கடைசி ஈடு சோமாசுக்குப் பூரணம் கலக்கும்போது சர்க்கரை போதவில்லை. அந்த அக்கா அதை அரைத்த சர்க்கரை என்று நினைத்து அப்படியே கொட்டியிருக்கிறார். சாமிக்குப் படைக்கும் முன் வாயில் வைக்கக் கூடாது என்பதால் ருசி பார்க்கவில்லை. முதல் ஈடுகளைப் படையலுக்கும் மற்ற வீடுகளுக்கும் எடுத்துவிட்டார். புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சூடாகக் கொடுக்க வேண்டும் என்று கடைசி ஈடு மொத்தத்தையும் எங்களுக்கு வைத்திருக்கிறார். கணவர் மருந்து வைக்கலாம் என்று டின்னை எடுத்தபோதுதான் அது காலியாக இருந்தது தெரிந்திருக்கிறது. அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்த அக்காவின் கண்ணில் என் தட்டு பட்டிருக்கிறது. சீட்டைப் பிரித்தால், 'என் மகள் மட்டும் நான்கு.'

"வண்டி எடுத்துக்கினு வந்துட்டோம்மா. பாப்பாவைத் தூக்கினு வா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்." அவர் கை வியர்வையில் சீட்டு ஈரமாகியிருந்தது.

என் மகள் அறையிலிருந்து வந்து நின்றாள். அவளைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தார். நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அக்கா, நாங்க யாருமே சாப்பிடலை. சீட்டுல சும்மா எழுதிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். "சாப்பிடலையா? சாமி காப்பாத்துச்சு" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அந்த நொடியில் உயிர் வந்தது. அடுத்த நொடியே நினைவு வந்தது. டப்பா விழுப்புரத்தில் இருக்கிறது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டில்.

அதையும் சொன்னேன். டப்பாவைக் கொண்டுபோன அம்மாவுக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தார். அவர் மகளின் நம்பர் என்னிடம் இல்லை. போன மாதம் வளைகாப்புக்குப் போயிருந்ததால் வீடு மட்டும் தெரியும். என் கணவரை மகளோடு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, லோடு வண்டியில் நானும் ஏறினேன். முன்னால் ஓட்டுபவர் பக்கத்தில் ஒரே இருக்கை. அதில் அந்த அக்காவும் நானும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். வண்டி முழுக்க மீன் வாசம். அது வாசம் என்றே எனக்கு உறைக்கவில்லை. அவர் மடியில் போரிக் பவுடர் அட்டைப்பெட்டி இருந்தது. டாக்டரிடம் போக வேண்டிவந்தால் என்ன மருந்து என்று காட்ட வேண்டுமாம். அவ்வளவு பதற்றத்திலும் அவருக்கு அது தோன்றியிருக்கிறது.

விக்கிரவாண்டி தாண்டும்வரை நான் போன் போட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் அதே பதிவுக் குரல். அந்த அக்கா ஒரு முறைகூட, ஏன் சாப்பிடவில்லை, ஏன் கொடுத்துவிட்டாய் என்று கேட்கவில்லை. "கொஞ்சம் ஜல்தியா போய்யா" என்று கணவரிடம் சொன்னதோடு சரி. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

விழுப்புரத்தில் அந்தத் தெருவுக்குள் வண்டி நுழையும்போது மணி ஒன்றரை. தெருவெல்லாம் பட்டாசுக் குப்பை. நான் வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினேன். வீட்டு வாசலில் அந்தக் கர்ப்பிணிப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் குழந்தைகளுடன் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தாள். நான் கேட்ட கேள்வி அவளுக்குப் புரியவேயில்லை. மூச்சு வாங்கியதில் எனக்கே புரிந்திருக்காது.

உள்ளிருந்து அவள் மாமியாரும் எங்கள் வீட்டுக்கு வரும் அம்மாவும் வந்தார்கள். டப்பா எங்கே என்று கேட்டேன். மாமியார் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "இவளுக்கு சுகரு பார்டர்ல கீதுன்னு டாக்டரு சொல்லிக்கிறாங்கம்மா. கண்ணுல பட்டா எடுத்து சாப்ட்டுடுவாளேன்னு பரண் மேல போட்டு வச்சிக்கிறேன். நாங்களும் கறிசோறு சாப்ட்டுட்டோம். சாயங்காலம் டீக்குப் பாத்துக்கலாம்னு இருந்தோம். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்வதா? அவர் ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மூடியைத் திறந்து எண்ணினேன். பத்து. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன். பத்து. எனக்குப் பின்னால் நின்று அந்த அக்காவும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பத்தும் சரி என்றதும் அவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். விஷயம் தெரியாத அந்த வீட்டார் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

என்ன சொல்வது என்று நான் தடுமாறியபோது அந்த அக்காவே முந்திக்கொண்டார். பலகாரத்தில் தெரியாமல் மருந்து கலந்துவிட்டதாகவும், தவறு முழுக்கத் தன்னுடையது என்றும் சொன்னார். நான் சாப்பிட மனமில்லாமல் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும் அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். விடாமல் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டோம். அப்படிப் பசித்தது.

திரும்பும் வழியில் டப்பாவிலிருந்ததை ஒரு குழியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினோம். வண்டியில் ஏறியதும் நான் மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், மீன் பெட்டியைப் பற்றி நினைத்தது உட்பட. அந்த அக்கா என் பக்கம் திரும்பினார்.

"புடிக்கலன்னா சொல்லிடும்மா. நான் பழமா குடுத்துட்டுப் போறேன். ஆனா சாப்ட்டேன்னு எழுதாத. அதைப் படிச்சி எனக்கு உசுரே போயிடுச்சு."

அவர் கணவர் வண்டி ஓட்டியபடியே சிரித்தார். பிறகு அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

பொங்கலுக்கு அதே தட்டில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். "பொங்கல் நன்றாக இருந்தது, எனக்கு இனிப்பு மட்டும் சற்றே அதிகம்" என்று எழுதினேன். மறுநாள் அந்த அக்கா கேட் அருகே நின்று, அடுத்த முறை வெல்லத்தைக் குறைக்கிறேன் என்றார்.

ஒரு பெண்ணும் அவள் வயிற்றுக் குழந்தையும் அன்று தப்பியது ஒரு மாமியாரின் கண்டிப்பால். என்னால் இல்லை. அந்தக் குழந்தை இப்போது தவழ்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நன்றி என்று ஒரு வரி எழுதும் முன் அதற்கு நான் தகுதியாக நடந்துகொண்டேனா என்று ஒரு நொடி என்னையே கேட்டுக்கொள்கிறேன்.