கூழின் மேல் விழுந்த பழி

சுகாதார ஆய்வாளர் அய்யம்பெருமாளை ஊர்க்காரர்கள் ‘மருந்துக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை தோறும் சைக்கிளில் பிளீச்சிங் பவுடரைக் கட்டிக்கொண்டு உடையார்பாளையத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போவார். கிணற்றில் மருந்தைக் கலக்கி, பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். பதினாலு வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை என்ற தலைக்கனம் அவருக்கு நிறையவே உண்டு. 1982 ஆடியில் அது மூன்றே நாளில் தரைமட்டமானது.

ஞாயிறு மதியம் அந்தக் கிராமங்களில் ஒன்றில், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். திங்கள் காலை பதினோரு பேர் வாந்தி பேதியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து விழுந்தார்கள். கூழ் காய்ச்சிய ஆண்டாயியின் நாலு வயது மகள் விடிவதற்குள்ளேயே போய்விட்டாள். ஊர் மொத்தமும் ஆண்டாயியின் மேல் பாய்ந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்றுகூட எவரும் பார்க்கவில்லை. பஞ்சாயத்தைக் கூட்டி அவளை ஊரைவிட்டே துரத்துவதென்று பேச்சு அடிபட்டது.

அய்யம்பெருமாளும் கூழ்தான் என்று நம்பினார். நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியாக, ‘கோயில் கூழ் குடித்து, பேதியானவர்கள்’ என்று எழுதினார். சுகாதார நிலையத்து டாக்டர் காசிநாதன் அதை ஒரே கோடாக அடித்தார்.

“குடிச்சவங்கள மட்டும் எழுதுனா, குடிக்காம படுத்தவங்க எப்படிய்யா கணக்குல வருவாங்க? புதன்கிழமையிலேருந்து, இந்த ஊர்ல இருந்தவங்கள்ல, ஒரு நாளைக்கு மூணு தடவையோ அதுக்கு மேலயோ தண்ணியாப் போனவங்க எல்லாரையும் எழுது. எந்த வயசா இருந்தாலும் எழுது.”

வீடு வீடாக ஏறி இறங்கினார். பெயர், வயது, தெரு, எந்த நாள் எத்தனை மணிக்குத் தொடங்கியது, கூழ் குடித்தாரா, எங்கே தண்ணீர் எடுக்கிறார் என்று ஆளுக்கு ஒரு வரி. நோயில்லாத வீடுகளிலும் அதையே கேட்டார். செவ்வாய் மத்தியானத்துக்குள் முப்பத்தேழு வரிகள் சேர்ந்துவிட்டன.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு பேருக்குச் சனிக்கிழமையே தொடங்கியிருக்கிறது. ஞாயிறு ஊற்றிய கூழ் சனிக்கிழமை எப்படிப் பேதியாக்கும்? வடக்குத் தெருவில் அடிபம்புத் தண்ணீர் குடிப்பவர்கள் வயிறு முட்டக் கூழ் குடித்துவிட்டு நன்றாக நடமாடுகிறார்கள். படுத்த முப்பத்தேழு பேரில் முப்பத்தைந்து பேர் கீழத்தெருக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள். மிச்சம் இரண்டு பேர் வடக்குத் தெரு பூமாலையும் அவள் புருஷனும். கீழத்தெருவுக்குக் கூலிக்குப் போன இடத்தில் அதே கிணற்றில் மொண்டு குடித்திருக்கிறார்கள். பட்டியலில் முதல் ஆள் கொத்தனார் கண்ணையன். வெளியூர் வேலையிலிருந்து வியாழன் இரவு பேதியோடு வந்தவன். அவன் துணியை வெள்ளிக்கிழமை அலசியது அந்தக் கிணற்றின் வெடித்துப்போன மேடையில்தான். அலசிய தண்ணீர் விரிசல் வழியாகக் கிணற்றுக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை என்றதும் அவர் கை பதிவேட்டைத் தேடியது.

அன்று திருவிழாப் பொறுப்பாளர் பெரியசாமி குறுக்கே வந்து கெஞ்சியிருந்தார். “காப்பு கட்டியாச்சுங்க சார். அம்மனுக்கு அபிசேகத் தண்ணி இங்கதான் எடுக்குறோம். காப்பு அவுக்குற வரைக்கும் மருந்து வேணாங்க.” ஒரு வாரம்தானே என்று இவரும் தலையாட்டிவிட்டு, பதிவேட்டில் மட்டும் மருந்து போட்டதாகக் கையெழுத்திட்டார்.

டாக்டர் தாமதிக்கவில்லை. மல மாதிரிகள் பரிசோதனைக்குத் திருச்சிக்குப் போயின. முடிவு வரும்வரை காத்திருக்காமல் கிணற்றை மூடி, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். வீடு வீடாக உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க ஆள் அனுப்பினார். அய்யம்பெருமாள் ராட்டினத்தையும் கயிற்றையும் கழற்றப் போனபோது கீழத்தெருவே திரண்டு மறித்தது.

“நீங்கதான் வெள்ளிக்கெழம மருந்து போட்டீங்களே சார்! மருந்து போட்ட தண்ணியில எப்படிங்க நோவு வரும்? எல்லாம் அவ காச்சுன கூழுதான்!” என்று சின்னம்மாள் கத்தினாள். கூட்டமும் ஆமாம் என்றது. பெரியசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் இவர்கள் நாளைக்கும் இதே தண்ணீரைத்தான் குடிப்பார்கள். ஆண்டாயியும் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்.

“போடல,” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னார். “நான் மருந்து போடல. போட்டதாப் பொய் எழுதிட்டேன். தப்பு என்னோடது. கூழுல ஒண்ணுமில்ல.”

கூட்டத்தின் ஓரத்தில் கிடந்த ஆண்டாயி எழுந்து வந்தாள்.

“அப்ப எம்புள்ளய என் கூழு கொல்லலியா சார்?”

“இல்லம்மா.”

ஒரு கணம் அவள் முகம் தெளிந்தது. உடனே மறுபடி கருத்தது.

“ராத்திரியெல்லாம் தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு சார். ‘சார் மருந்து போட்ட தண்ணி, ஒண்ணும் செய்யாது, நல்லாக் குடி’ன்னு நாந்தான சார் மொண்டு மொண்டு குடுத்தேன்.”

அய்யம்பெருமாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.