எர்த் கட்டம்

முட்டுக்காட்டில் புது ஓட்டலின் மொட்டைமாடி. ஒன்பது மணிக்கு நல்ல நேரம் என்று முதலாளி ராமானுஜம் எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தார். சோலார் பேனல்களை முதன்முதலில் ஓடவிடுமுன் சோதித்துக் கையெழுத்துப் போடுவது பிரதீபாவின் வேலை.

சூப்பர்வைசர் கலையரசன் படிவத்தை நீட்டினான். "பிளஸ், மைனஸ் கரெக்டா கீது மேடம். பதினெட்டு பேனலுக்கும் சேர்த்து ஓப்பன் வோல்டேஜ் எண்ணூத்தி எழுவது. கசிவு பாக்குற மெக்கர்ல இருநூறு மெகா ஓம், கசிவே இல்ல. இன்னும் இன்னா வேணும்?"

காலையில் கழுவிய ஈரம் பேனல்களில் காயவில்லை. கடலோர உப்புக்காற்று வேறு. இதில் இருநூறா? பிரதீபாவுக்கு எரிச்சலாக வந்தது. பேனல் சட்டத்துக்கும் எர்த் பட்டைக்கும் இடையே மீட்டரை வைத்தாள். தொடர்பே இல்லை. எர்த் ஒயர் முடுக்கப்படாமல் கீழே கிடந்தது.

"கரண்ட் சட்டத்துக்குக் கசிஞ்சாலும், சட்டம் எர்த்தோட சேரல. அப்புறம் மெக்கருக்கு எப்படித் தெரியும்?"

ஒயரை முடுக்கவைத்து மெக்கரில் மறுபடி அளந்தாள். பூஜ்ஜியம் புள்ளி ஒன்று. குறைந்தது ஒரு மெகா ஓமாவது வேண்டும்.

"நல்ல நேரம் போவுதும்மா. இப்ப போட்டுட்டு, நாளைக்குச் சரி பண்ணிக்கலாமே?" என்றார் ராமானுஜம்.

"முடியாது."

நான்கு வருடத்துக்கு முன் திருப்போரூரில் அவள் முடியும் என்றிருந்தாள். மறுவாரம் பேனல் கழுவ ஏறிய ஆனந்தன், ஈரச் சட்டத்தைப் பிடித்தபடியே செத்துக் கிடந்தான். விசாரணையில் அவளுடைய படிவத்தைக் காட்டினார்கள். அளந்து எழுதிய எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. எர்த் கட்டத்தில் பார்க்காமலே போட்ட டிக்தான் எல்லாவற்றையும்விட அழுத்தமாக விழுந்திருந்தது.