ஹேய்க்கு ஹேய்

பனியன் கம்பெனியில் வெளிநாட்டு மெயில்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. எங்களிடம் டி-ஷர்ட் வாங்கும் டென்மார்க் அம்மையார் முதல் மெயிலில் ‘ஹலோ’ போட்டார். ஆர்டர் கொடுத்ததும் ‘ஹாய்’ ஆனது, நன்றாகப் பழகியதும் ‘ஹேய்’. நானும் ஹேய்க்கு ஹேய் என்றே எழுதினேன். முதலாளிக்குத்தான் அது பொறுக்கவில்லை.

“ஆர்டர் குடுக்கறவங்களுக்கு இப்படியா எழுதுவீங்க?”

“சிநேகமாப் பேசறதுங்க. தப்பில்லீங்க.”

ஒருநாள் எங்கள் துணி சாயப்பட்டறையில் மாட்டிக்கொண்டது. சரக்கு குறித்த நாளில் கிளம்பாது. முதலாளி என் மேசைக்கே வந்துவிட்டார்.

“இன்னிக்காவது மரியாதையா ஹலோ போடுங்க. நலம் மட்டும் விசாரிங்க. விசயத்தை நாளைக்கு மெதுவாச் சொல்லிக்கலாம்.”

அப்படியே எழுதினேன்: ‘ஹலோ மேடம், நலமா?’

ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: ‘ஹேய், எத்தனை நாள் தாமதம்?’