இனிகோ வீட்டு மஞ்சள் கரு

எங்கள் பேக்கரியில் இசபெல்லா அக்காளிடம் ஒரு கை சீனி ஓசியில் வாங்கியவர்கள் யாரும் கிடையாது. முதலாளி சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காப்பிக்குச் சீனி பற்றவில்லை என்று அவர் எட்டிப் பார்த்தால், “எந்த ஆர்டருக்கு அண்ணாச்சி?” என்பாள். மனிதர் சிரித்துக்கொண்டே கசப்புக் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்.

நான் வளன். முன்னால் கவுண்டரில் ஆர்டர் எழுதுகிறவன். நான் எழுதும் சீட்டு உள்ளே சரக்கறைக்குப் போகும். சரக்கறை அக்காளின் ராஜ்ஜியம். அங்கே சுவரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் அட்டை தொங்கும். மாக்ரூன் கிலோவுக்கு அரைக்கிலோ முந்திரி, அரைக்கிலோ சீனி, பத்து நாட்டுக்கோழி முட்டையின் வெள்ளை. ஆர்டர் எத்தனை கிலோவோ அத்தனையால் பெருக்கி, நிறுத்து, ஒரு தகரத் தட்டில் வைத்துச் சீட்டையும் செருகி அடுப்புக்காரர் பிச்சையாவிடம் கொடுப்பாள். எடுத்ததைச் சீட்டில் எழுதி, இருப்பில் உடனே கழித்துவிடுவாள். ஒரு தட்டின் சரக்கு இன்னொரு தட்டுக்குத் தாவக் கூடாது. மிஞ்சினால் அறைக்குத் திரும்ப வேண்டும். வாடிக்கைக்காரர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள் என்றால், மிச்சம் அவர் வீட்டுக்கே போகும். பண்டம் வாங்க வருகிறவருக்குச் சீட்டின் நகலும் உண்டு.

மாக்ரூனில் ஒரு சங்கடம், மஞ்சள் கரு முழுதும் மிஞ்சிவிடும். அதற்காகவே கொழும்புப் பழக்கத்தில் வந்த ரவைக் கேக்கை வைத்திருந்தோம். ரவை, வெண்ணெய், சீனி, முந்திரி, அதோடு மஞ்சள் மட்டும். ஒரு வீட்டு மாக்ரூன் ஆர்டர் வந்தால் இன்னொரு வீட்டு ரவைக் கேக் ஆர்டரை அக்காள் அதோடு ஜோடி சேர்ப்பாள். முட்டை பேக்கரியுடையதாக இருக்கும்வரை இதில் ஒரு சிக்கலும் இல்லை.

எழுபத்து நான்கில் சிக்கல் வந்தது. சுற்றுவட்டாரக் கோழிகளுக்கெல்லாம் வெள்ளைக்கழிச்சல் நோய். பக்கத்துப் புதுக்கோட்டைக் கிராமத்திலிருந்து வரும் முட்டைக்காரர் வெறுங்கூடையைக் காட்டிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து இரண்டு ஆர்டர். திங்கட்கிழமை இனிகோ வீட்டில் மகள் கல்யாணம், பத்துக் கிலோ மாக்ரூன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை பவுல் வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம், பத்துக் கிலோ ரவைக் கேக்.

இனிகோ அக்காளின் அண்ணன். கொழும்புக்குப் போய்வரும் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். பவுல் அவளுடைய தம்பி. அம்மா செத்த அன்று யார் வீட்டிலிருந்து பிரேதத்தை எடுப்பது என்று இருவரும் முட்டிக்கொண்டார்கள். அன்று நின்ற பேச்சுத்தான். அண்ணன் மகள் கல்யாணத்தில் தம்பி வராமல் போய்விடுவானே என்று அக்காள் அந்த மாதம் முழுக்கச் சாப்பாடு இறங்காமல் கிடந்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எந்நேரமும் நிறுத்ததையே திரும்ப நிறுத்துக்கொண்டிருந்தாள்.

இனிகோ கெட்டிக்காரர். முட்டை இல்லை என்றதும் ஊர் ஊராக ஆள்விட்டு நூறு முட்டை திரட்டி, சனிக்கிழமை காலையில் வைக்கோல் போட்ட கூடையில் அனுப்பிவிட்டார். கூடவே ஒரு தூக்குவாளி. “மிஞ்சினத திருப்பாம எந்தங்கச்சிக்கு உறக்கம் வராது, இதுல ஊத்திக் குடுக்கச் சொல்லுதாக” என்றான் கொண்டுவந்தவன்.

பிச்சையா ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து, வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்தார். வெள்ளையை அப்போதே அடிக்கவில்லை. எங்கள் விறகு அடுப்பில் ரொட்டி இறங்கியதும் கேக் சூடு, அதுவும் தணிந்த பிறகுதான் மாக்ரூன் சூடு. கேக் ஏறுவதென்றால் மதியத்துக்குள் ஏற வேண்டும். பவுலின் தட்டில் ரவையும் வெண்ணெயும் சீனியும் முந்திரியும் காத்திருந்தன. மஞ்சளுக்கு மட்டும் வழியில்லை.

“யம்மா இசபெல்லா, அங்கன மஞ்சள் இருக்கு, இங்கன கேக் நிக்கி. எடுத்து ஊத்திரு. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் அண்ணாச்சி.

“அது இனிகோ அண்ணன் பொருளு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, மஞ்சளைத் தூக்குவாளியில் ஊற்றி மூடினாள். பவுலின் சீட்டை என் கையில் கொடுத்து, “ஏலே வளன், கூட வா” என்றாள்.

கல்யாண வீட்டில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். இனிகோ மூடியைத் திறந்து பார்த்தார்.

“இந்த வேலையில இத வச்சு நான் என்னளா செய்ய? ஏதாவது ஆர்டருக்குப் போட்டுக்கோயேன்.”

“மஞ்சள் இல்லாம நிக்குறது ஒரே ஆர்டர்தான். பவுலு பிள்ளைக்கு ஞானஸ்நானக் கேக்.”

அவர் முகம் இறுகிவிட்டது. “அவன் பேச்ச இந்த வீட்டுல எடுக்காத.”

“சரி, சாக்கடையில ஊத்திட்டுப் போறேன். இந்த வெயிலுக்குச் சாயங்காலம் வரை தாங்காது.”

“எனக்குத் தெரியாம எடுத்துப் போட்டுருக்கக் கூடாதா?”

“போட்டிருக்கலாம். ஒனக்குத் தெரிஞ்சு குடுத்தாத்தானண்ணே அது நீ குடுத்தது!”

அவர் நட்டிருந்த பந்தல்கால் ஒன்றை அசைத்துப் பார்த்தார். பிறகு, “பிள்ளைக்கு என்ன பேரு வைக்கான்?” என்றார்.

“அம்மா பேருதான்.”

தூக்குவாளி மூடியில் ‘அந்தோணியம்மாள்’ என்று வெட்டியிருந்தது. அவர்கள் அம்மாவுக்குச் சீதனமாக வந்த பாத்திரம். இனிகோ அதை எடுத்து மெதுவாக மூடினார். “ஊத்தாத. கொண்டு போ.”

“சீட்டுல என்ன எழுத?”

“இனிகோ குடுத்ததுன்னு எழுது. போதுமா? போளா, அடுப்பு ஆறிரும்.”

கேக் நேரத்துக்கு ஏறியது. அது இறங்கிய பின், தணிந்த சூட்டில் மாக்ரூனும் மெல்ல வெந்து வெள்ளைவெளேரென்று வந்தது.

சாயங்காலம் பவுல் கேக்கை வாங்க வந்தான். நகலை வாசித்தான். மஞ்சள் கரு, இனிகோ குடுத்தது. இன்னொரு முறை வாசித்தான். அக்காள் கழுவித் துடைத்த தூக்குவாளியை அவன் முன்னால் வைத்தாள்.

“இதக் குடுத்துரணும்.”

“நீயே குடுத்துரேன்க்கா.”

“எவன் ஆர்டருக்குப் பாத்திரம் வந்துச்சோ அவன்தான் திருப்பணும். அதுதான் இங்க முறை.”

இத்தனை வருஷமும் வாடிக்கைக்காரர் பாத்திரங்களை அவளேதான் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு முறையை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். அண்ணாச்சி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பவுல் கேக்கோடு வாளியையும் எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிறு சாயங்காலம் மாக்ரூன் தகரங்களோடு நானும் அக்காளும் கல்யாண வீட்டுக்குப் போனோம். அவள் வாசலைப் பார்ப்பதும் தகரத்தை எண்ணுவதுமாக இருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பவுல் வந்தான். தோளில் பிள்ளை, கையில் தூக்குவாளி, பின்னால் அவன் பெண்சாதி. பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

இனிகோ எழுந்து போனார். வாளியை வாங்கித் திறந்தார். உள்ளே ரவைக் கேக்.

“வெறும் பாத்திரத்தத் திருப்பக் கூடாதுல்லா” என்றான் பவுல், தரையைப் பார்த்தபடி.

இனிகோ ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

“ரவ கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார். “உள்ள வாலே. பிள்ளைக்குக் காத்து ஒத்துக்காது.”

“அட்டைப்படிதாம்ண்ணே போட்டேன்” என்று சொல்ல வந்த இசபெல்லா அக்காள், பாதியிலேயே, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டாள்.