விவியனுக்கு ஒரு புள்ளி

என் அம்மா விவியன், கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் ஒரு சுகாதார அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பிறப்பு, இறப்புப் பதிவு எழுதினார். அரபியில் ஆங்கில ‘V’ ஒலிக்கு எழுத்து கிடையாது. ‘ஃப’ எழுத்தின் ஒற்றைப் புள்ளியை மூன்றாக்கிச் சமாளிப்போம். கடைப் பலகையில் அது செல்லும். அரசுப் பதிவில் ஒரு புள்ளிதான்.

தன் மகள் வலேரியாவின் பெயருக்கு மூன்று புள்ளி கேட்டு அடம்பிடித்த ஒருவரிடம் அம்மா, “வீட்டுல எத்தனை புள்ளி வேணா வச்சுக் கூப்பிடுங்க. இங்க மூணு வச்சா, பரீட்சை நேரத்துல கம்ப்யூட்டர் இவளைத் தேடிக்கிட்டே இருக்கும்” என்றார்.

செவ்வாயன்று அம்மா இறந்தார். அவருடைய பதிவை எழுதியது, கூட வேலை பார்த்த ரஃப்அத் மாமா. பெயரில் மூன்று புள்ளி வைத்தார். அம்மாவின் அடையாள அட்டையில் ஒன்றுதான். இரண்டும் பொருந்தாவிட்டால் அப்பாவுக்கு அம்மாவின் ஓய்வூதியம் கிடைக்காமல் போகும்.

“மாமா, ஒரு புள்ளி.”

“ஆயுசு முழுக்க அவளை ஃபிஃபியன்னே எழுதினோம்மா. இன்னைக்காவது சரியா எழுதுறேனே.”

“அட்டையில இருக்கிறதுதான் சரின்னு அம்மா உங்களைத் திட்டினதில்லையா?”

“தினமும் திட்டுவா.”

அவர் படிவத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றில் எழுதினார். நான் அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.